உங்களுக்குத் தெரியுமா?

பீடோங் தோட்டத்திலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போன ஓர் அம்மா, அங்குள்ள உதவி முனையத்தில் தன் சேமநிதிக் கணக்கைப் பற்றிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிலைப் படித்துவிட்டு, பையில் மைகாட்டைத் தேடுகிறார். திரையை யாரும் தொடவில்லை. இயந்திரத்துக்கோ, ஆள் போய்விட்டார் என்றே கணக்கு. அடுத்து வருபவர் பார்த்துவிடக் கூடாதே என்று உரையாடல் முழுவதையும் அது அழித்துவிடும்.

அழிப்பது சரிதான், சொல்லாமல் அழிப்பதுதான் தவறு. 2008-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 என்னும் இணைய அணுகல் வழிகாட்டி இதற்கு ஓர் அளவு சொல்கிறது: நேரம் முடியுமுன் எச்சரிக்க வேண்டும், ஒரு பொத்தானைத் தட்டுவது போன்ற எளிய செயலால் நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும், அப்படிக் குறைந்தது பத்து முறை நீட்டிக்க விட வேண்டும். திரையின் மூலையில் சுருங்கி ஓடும் எண்கள் எச்சரிக்கையாகா. “இன்னும் இருக்கிறீர்களா?” என்று திரை நடுவே பெரிதாகக் கேட்க வேண்டும், தமிழ் தெரிந்தவரிடம் தமிழிலேயே.

இதில் ஒரு பொறி உண்டு. அந்த அம்மா உண்மையிலேயே போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் வந்து “ஆம்” என்று தட்டுகிறார். பழைய உரையாடல் அப்படியே திறந்துகொள்ளும்! அதனால் கவனமான வடிவமைப்பாளர்கள் எச்சரிக்கை தோன்றும்போதே உரையாடலை மறைத்துவிடுகிறார்கள். கணக்கு விவரம் இருந்தால், தொடர்வதற்கு மைகாட்டையோ கைரேகையையோ மறுபடி கேட்கிறார்கள்.