தூங்குபவர்களைத் தாண்டி ஓடும் ரயில்

இரவு ரயிலைப் பற்றிய கவிதை என்றால் ஜன்னலோரப் பயணியை எதிர்பார்ப்போம். டபிள்யூ. எச். ஆடன் எழுதிய ‘நைட் மெயில்’ கவிதையில் பயணியே இல்லை. லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கடிதங்களைச் சுமந்து போன தபால் ரயில் அது. 1936இல் பிரிட்டிஷ் தபால் துறை எடுத்த ஆவணப்படத்தின் முடிவுக்காக ஆடன் எழுதினார்; இசை பெஞ்சமின் பிரிட்டன்.

உறங்குகிறவர்கள் ரயிலுக்கு வெளியே இருக்கிறார்கள். வண்டி கடக்கும்போது பறவைகள் திரும்பிப் பார்க்கின்றன, நாய்கள் விழிப்பதில்லை. ஒரு பண்ணை வீட்டுப் படுக்கையறையில் கூஜா மட்டும் லேசாக அதிர்கிறது. ரயிலின் வேகத்தைச் சொல்ல இதைவிடச் சிறிய பொருள் கிடைக்காது!

பீட்டக் மேட்டில் என்ஜின் மூச்சுவாங்கும்போது அடிகள் சக்கரத்தின் தாளத்தில் சீராக வருகின்றன. சரிவில் கடிதங்களின் பட்டியல் மளமளவென்று கொட்டுகிறது. அதைப் படித்தவருக்கு மூச்சுவிட இடமில்லாததால் பகுதி பகுதியாக ஒலிப்பதிவு செய்தார்களாம்.

படத்தில் ரயில் நிற்கும் க்ரூ நிலையம், பாதி இருளில் மூட்டைகள் கைமாறும் இடம். ஓடும் வண்டிக்குள் கடிதம் பிரிக்கும் காட்சியோ ஸ்டுடியோவில் எடுத்தது. ஊழியர்கள் தாங்களாகவே ஆடிக்காட்டினார்கள்.