மார்ச்சில் மிக்சி எத்தனை விற்றது?

வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும், பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதம் மிக்சி எத்தனை விற்றது என்று முதலாளி கேட்கிறார். விற்பனைப் பிரிவு 1,000 என்கிறது, கணக்குப் பிரிவு 900 என்கிறது. இரண்டு பேரும் கம்ப்யூட்டரில் எடுத்த அறிக்கையோடுதான் வந்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

விற்பனைப் பிரிவு பில் போட்ட தேதியைப் பார்க்கிறது. கணக்குப் பிரிவோ பொருள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த தேதியைப் பார்க்கிறது. மாதக் கடைசியில் பில் போட்ட 60 மிக்சிகள் ஏப்ரலில்தான் டெலிவரி ஆயின. 40 மிக்சிகள் திரும்பி வந்துவிட்டன. பிப்ரவரி பாக்கி எதுவும் இல்லாததால் வித்தியாசம் சரியாக 100.

இந்த இரண்டு பிரிவுகளும் தங்களுக்கென்று தனித்தனியே வைத்திருக்கும் தரவுத் தொகுப்புக்குத்தான் டேட்டா மார்ட் என்று பெயர். ஒரு வேலைக்குத் தேவையான தகவலை மட்டும், அறிக்கை எடுக்க வசதியாக அடுக்கி வைத்தது. சின்னது, சீக்கிரம் தயாராகும், செலவும் குறைவு. நிறுவனம் முழுவதன் தகவலையும் பல ஆண்டு வரலாற்றோடு ஒன்றுசேர்த்தால் அது டேட்டா வேர்ஹவுஸ். இதில் எதை முதலில் கட்டுவது என்பதில் 1990களிலிருந்தே இரண்டு கட்சிகள் உண்டு.

பில் இன்மன் மேலிருந்து கீழே வரச் சொன்னார். அவருடைய புத்தகம் 1992இல் வந்தது. எல்லாப் பிரிவுகளின் தரவும் முதலில் ஒரு மையக் கிடங்குக்கு வர வேண்டும். அங்கே முரண்பாடுகளைத் தீர்த்து, கூட்டுத்தொகையாகச் சுருக்காமல், ஒவ்வொரு பில்லின் ஒவ்வொரு வரியையும் அப்படியே வைக்க வேண்டும். பிரிவுகளுக்கான மார்ட்டுகள் அந்த மையத்திலிருந்து மட்டுமே தரவு எடுக்கும். எங்கள் கதையில் 1,000, 900 இரண்டும் அப்போதும் இருக்கலாம். ஆனால் ஒன்று ‘பில்’, மற்றது ‘நிகர டெலிவரி’ என்று வேறு பெயரில் இருக்கும். நடுவில் உள்ள 100 எது எது என்று வரி வரியாகக் காட்டவும் முடியும். சிக்கல் நேரத்தில்தான். நிறுவனம் முழுவதற்கும் இலக்கணம் வகுத்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பணம் போட்டவர் ஒரு அறிக்கையைக்கூடக் கண்ணில் பார்க்காமல் பொறுமை இழப்பார்.

ரால்ஃப் கிம்பால் 1996இல் எழுதிய புத்தகம் கீழிருந்து மேலே போகும் வழியைப் பரப்பியது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: ஆளுக்கொரு மார்ட் கட்டிக்கொள்ளுங்கள், பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவே இல்லை. மார்ட்டைப் பிரிவுக்கு ஒன்றாக அமைக்காமல் வேலைக்கு ஒன்றாக அமைக்கச் சொன்னார். பில் போடுவது ஒன்று, டெலிவரி ஒன்று, திரும்பப் பெறுவது ஒன்று. ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் கட்டம் போட வேண்டும். இடப்பக்கம் வேலைகள், மேலே தேதி, பொருள், கிளை, வாடிக்கையாளர். எந்த வேலைக்கு எது தேவையோ அங்கே ஒரு குறி. ‘பொருள்’ என்ற பத்தியில் மூன்று குறிகள் விழுந்தால், மூன்று மார்ட்டுகளுக்கும் ஒரே பொருள் பட்டியல்தான். முதல் மார்ட் கட்டும்போதே அதை எல்லோருக்கும் பொதுவாகச் செய்துவிட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் 1,000இலிருந்து 40, 60 இரண்டையும் கழித்து 900 என்று எந்தக் குமாஸ்தாவும் காட்டியிருப்பார்.

அந்தப் பொதுப் பட்டியலில்தான் உண்மையான சண்டை இருக்கிறது. பில் மெஷினில் ஒரு மிக்சி மாடலுக்கு ஒரே கோடு. கிடங்கிலோ சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று கோடுகள். பொதுப் பட்டியலில் மூன்றையும் வைத்து, மூன்றுக்கும் மாடல் பெயரை எழுதினால் இரண்டு கணக்கும் மாடல் அளவில் ஒட்டும். பில்லில் நிறம் பதிவாகவில்லை என்றால் எந்த நிறம் அதிகம் விற்றது என்பதை இன்மன் வழியிலும் எடுக்க முடியாது, கிம்பால் வழியிலும் எடுக்க முடியாது. இடம் மிச்சம் பிடிக்க நாள் மொத்தத்தை மட்டும் சேமித்து வைத்தவர்களுக்கும் இதே கதிதான். திரும்பி வந்த 40 எந்தப் பில்லைச் சேர்ந்தவை என்று பிறகு தேட வழியே இருக்காது.

என் கட்சி கிம்பால் பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்கள் நிறுவனத்தில் இரண்டாவது மார்ட்டுக்குப் பணம் கேட்டு வந்தால், முதல் மார்ட்டின் பொருள் பட்டியலையே இதுவும் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். ‘எங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது’ என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.