கொட்டேஷன் போன பிறகு என்ன ஆகிறது?

"வைகாசியில் கல்யாணம். பேக்கேஜ் ரேட் என்ன?" கல்யாண போட்டோ ஸ்டூடியோக்களின் வாட்ஸ்அப்பில் விசாரணை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஸ்டூடியோ கொட்டேஷன் அனுப்புகிறது. நீல டிக் விழுகிறது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

'ரேட் கட்டுப்படியாகவில்லை போல' என்று விட்டுவிடுவது வழக்கம். அது ஊகம்தான். வாடிக்கையாளர் வந்த வழியை முதல் மெசேஜிலிருந்து அட்வான்ஸ் வரை எழுதிப் பார்த்தால்தான், எந்த இடத்தில் விலகிப் போனார் என்பது தெரியும். அதற்கு ஒரு நோட்டு போதும். போன முகூர்த்த சீசனில் வந்த விசாரணை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எப்போது கேட்டார், எப்போது பதில் போனது, கொட்டேஷன் போன நாள், நேரில் வந்தாரா, அட்வான்ஸ் கொடுத்தாரா. கூடவே கடைசி மெசேஜ் யாருடையது என்பதையும் குறிக்க வேண்டும். இந்த ஒரு கட்டம்தான் நிறைய விஷயத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 60 பேர் கேட்டதாக வைத்துக்கொள்வோம். அதில் 10 பேர் கேட்ட தேதி ஏற்கெனவே புக் ஆகிவிட்டது. அவர்களை இழப்பில் சேர்க்கக் கூடாது. மீதி 50 பேரில் 5 பேரின் மெசேஜை யாருமே பார்க்கவில்லை. முன்பின் தொடர்பில்லாதவர்கள் இன்ஸ்டாகிராமில் அனுப்புவது 'ரிக்வெஸ்ட்' பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொட்டேஷன் வாங்கிய 45 பேரில் நேரில் வந்து ஆல்பம் பார்த்தவர்கள் 15 பேர். அவர்களில் 10 பேர் அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

ஆக, பெரிய ஓட்டை கொட்டேஷனுக்கும் நேர்ச் சந்திப்புக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே நின்றுபோன 30 பேரின் உரையாடல்களைத் திறந்தால் இரண்டு கதைகள் கிடைக்கும். சிலவற்றில் கடைசி மெசேஜ் வாடிக்கையாளருடையது: "ஆல்பம் எத்தனை ஷீட்? ட்ரோன் சேர்த்தா?" கேட்ட அன்று முகூர்த்த நாள், ஸ்டூடியோ மொத்தமும் மண்டபத்தில். கேள்வி அப்படியே கிடந்துவிட்டது. இந்த இழப்புக்கு ரேட் காரணமே இல்லை.

மற்றவற்றில் கடைசி மெசேஜ் கொட்டேஷனேதான். விசாரித்தது மணப்பெண்ணோ அவருடைய தம்பியோ. பணம் கொடுக்கப்போவது அப்பா. குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு ஆகும் அந்தத் தாளில் தொகை மட்டும்தான் அப்பாவின் கண்ணில் படுகிறது. எத்தனை கேமரா, யார் வருகிறார்கள், ஆல்பம் எப்போது கைக்கு வரும் என்பதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கொட்டேஷனுக்கு முன்பே ஒரு போன் போட்டு, "வீட்டில் யாரோடு பேச வேண்டும், எப்போது வசதி?" என்று கேட்பது இந்த இடத்துக்கான மருந்து.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுத்த சீசனில் அதே நோட்டை மறுபடி எழுத வேண்டும். கேட்டு ஒரு வாரமே ஆனவர்களைக் கைவிட்டவர்களாக எண்ணக் கூடாது. அவர்கள் இன்னும் நாலு ஸ்டூடியோவில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். ஆவணிக் கணக்கைப் போன ஆவணியோடுதான் ஒப்பிட வேண்டும். கல்யாணம் குறைந்த மார்கழிக் கணக்கோடு வைத்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது.