பெரோவும் பெறோவும்

ஸ்பானிய மொழியில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். 'கரோ' என்பது விலை கூடியது. 'கறோ' என்பது வண்டி. 'பரா' என்றால் 'ஒன்றுக்காக'. 'பறா' என்றால் திராட்சைக் கொடி. இந்த இணைகளில் பொருளை மாற்றுவது நடுவில் நிற்கும் ஒலி மட்டுமே. ஸ்பானியர் முதலாவதை ஒற்றை ஆர் எழுத்தாலும் இரண்டாவதை இரட்டை ஆராலும் எழுதுகிறார்கள். ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்பவர்கள் தடுமாறும் இடம் இது. பள்ளியில் சின்ன ர, பெரிய ற என்று படித்த தமிழருக்கோ இந்த வேறுபாடு புதிதன்று.

ஒற்றை ஆரில் நாக்கு நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னுள்ள ஈற்று மேட்டை ஒரே ஒரு முறை தட்டிவிட்டு இறங்கிவிடும். தமிழில் 'மரம்', 'கரை' என்று சொல்லும்போது நடப்பதும் அதுவே. எனவே ஸ்பானியத்தின் தட்டொலியைத் தமிழர் தனியாகப் பழக வேண்டியதில்லை.

இரட்டை ஆர் அப்படியன்று. அதில் நாக்கு நுனி பொதுவாக இரண்டு அல்லது மூன்று முறை அதிரும். அந்த அதிர்வைத் தசையால் உண்டாக்க முடியாது. நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களோடு ஒட்டிக்கொள்ள, நுனி தளர்ந்து மேட்டை ஒட்டி நிற்க, நுரையீரலிலிருந்து வரும் காற்றே அதைத் தள்ளித் திறக்கிறது. திறந்ததும் நுனி தானாக மீண்டும் மூடுகிறது. காற்றில் கொடி படபடப்பது போன்ற வேலை இது. ஆகவே நாக்கை வேகமாக ஆட்ட முயல்பவருக்கு ஒலி வராது. தட்டொலியை நீட்ட இயலாது. அதிர்வொலியை மூச்சு உள்ளவரை நீட்டலாம். சரியாக வந்ததா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. சிறுவர்கள் பேருந்து ஓட்டி விளையாடும்போது 'டுர்ர்ர்' என்பார்களே, அதன் பின்பாதி இந்த ஒலிதான்.

தமிழின் றகரம் இங்கே எவ்வளவு உதவும் என்பது பேசுபவரின் ஊரைப் பொறுத்தது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், நுனிநா அண்ணத்தை வருடுவதால் ரகரமும், ஒற்றுவதால் றகரமும் பிறப்பதாகப் பிரிக்கிறது. இன்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'கரி', 'கறி' இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. எழுத்தில்தான் வேறுபாடு நிற்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் பலர் இன்னும் பிரித்தே பேசுகிறார்கள். அவர்கள் 'கறி'யின் றகரத்தை அப்படியே எடுத்து, சற்றே நீட்டி, 'கறோ' என்றால் போதும். ஒலி கலந்துவிட்ட ஊர்க்காரர்கள், 'அறம்' என்ற சொல்லை மேடைத் தமிழில் அழுத்திச் சொல்லிப் பார்த்து, அதில் வரும் அதிர்வை மெல்ல நீட்டிப் பழகலாம்.

எழுத்தில் ஒரு பொறி உண்டு. இரட்டை ஆர் என்பதால் அதை 'ற்ற' என்று எழுதிப் படித்தால், 'காற்று' என்பதில் வருவதுபோல ஒரு வல்லொலி புகுந்துவிடும். நாய் 'பெற்றோ' அன்று, 'பெறோ'.

பழகும்போது 'ட' அல்லது 'த' போன்ற ஒலி வந்து நின்றுவிட்டால், நாக்கு நுனி மிகையாக அழுத்துகிறது என்று பொருள். வெறும் சீறல் கேட்டால் நாக்குக்கும் மேட்டுக்கும் இடைவெளி கூடிவிட்டது. 'ட' சொல்வதுபோல நுனி பின்னால் வளைந்திருந்தால் அதிர்வே தொடங்காது.

அடுத்த சிக்கல் சொல்லின் முதலில் வருவது. ஸ்பானியத்தில் ஆர் எழுத்தில் தொடங்கும் சொல் எதுவானாலும் ஒற்றையாக எழுதினாலும் அதிர்வொலிதான். ரோஜாவுக்கு அங்கே 'றோஸா'. தமிழிலோ றகரம் சொல்லுக்கு முதலாக வருவதே இல்லை. வழக்கத்தால் நாக்கு 'ரோஸா' என்று தட்டிவிடும். இதைத் திருத்தத்தான் தமிழர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும்.

ல, ன, ஸ ஒலிகளுக்குப் பின்னும் ஆர் அதிரும். 'என்றீக்கே' என்ற ஆண்பெயர் அப்படிப்பட்டது. இதைத் தமிழில் 'கன்று' சொல்வதுபோலச் சொன்னால் னகரத்துக்கும் றகரத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய 'ட்' நுழையும். ஸ்பானியர் காதுக்கு அது வேறு சொல்லாகப் படும். வியப்பு என்னவென்றால், ஸ்பானியமே முன்பு இதைச் செய்திருக்கிறது. 'வா' என்ற பொருளுள்ள 'பெனீர்' வினையின் எதிர்காலம் 'பெந்த்ரா'. இடையிலிருந்த உயிர் தேய்ந்து ன-வும் ர-வும் நெருங்கியபோது, நடுவில் ஒரு 'த்' தானே முளைத்துவிட்டது.

எல்லா ஸ்பானியரும் நாக்கு நுனியால் அதிர்விப்பதில்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் பலர் இந்த ஒலியைத் தொண்டைப் பக்கம் கொண்டுபோகிறார்கள். ஸ்பானியம் பேசும் குழந்தைகளுக்கும் கடைசியாக வசப்படும் ஒலிகளில் இது ஒன்று.