மூன்று பாட்டில் தள்ளி

நான் வேலை பார்த்த ஒரு ஜூஸ் ஆலையில், இரவு ஷிஃப்டின்போது ரிஜெக்ட் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அளவு குறைவு என்று இயந்திரம் தள்ளிவிட்ட பாட்டில்கள் அதில் கிடந்தன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் கழுத்துவரை நிரம்பியிருந்தன. அப்படியானால் குறைந்தவை எங்கே? அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன.

முதலில் அளவு பார்க்கும் கேமராவின் மேல்தான் பழி விழுந்தது. ஜூஸின் நுரையைப் பார்த்து ஏமாறுவது கேமராவின் பழைய குணம். நுரையின் மேல்விளிம்பையே திரவ மட்டம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஏமாந்தாலும் குறைந்த பாட்டிலை விட்டுவிடுமே தவிர, நிறைந்ததைத் தள்ளாது. கண்ணாடியைத் துடைத்து, குறைந்த பாட்டிலை முன்னால் வைத்துப் பார்த்தோம். சரியாகவே சொன்னது. தப்பு பார்வையில் இல்லை, நினைவில் இருந்தது.

இந்த இயந்திரத்தை ராட்டினம் என்று நினைத்துக்கொள்ளலாம். சுற்றிவர 24 வால்வுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பாட்டில் நிற்கும் இடம். மணிக்கு 12,000 பாட்டில் என்றால் 0.3 விநாடிக்கு ஒன்று ஏற வேண்டும். திருகுபோன்ற ஒரு தண்டு பாட்டில்களைச் சம இடைவெளியில் பிரித்துவிட, பல்சக்கரம் போலிருக்கும் ஸ்டார் வீல் ஒவ்வொன்றையும் தன் குழிக்குள் வாங்கி ராட்டினத்தில் ஏற்றும்.

குழியில் பாட்டில் இருக்கிறதா என்று சென்சார் பார்ப்பது இந்த ஸ்டார் வீலில்தான். வால்வு வருவதோ ஐந்து குழி தள்ளி. அதுவரை விஷயத்தை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி அதற்காக வரிசையாகச் சில கட்டங்களை வைத்திருக்கிறது. பாட்டில் இருந்தால் முதல் கட்டத்தில் 1, இல்லையென்றால் 0. இயந்திரம் ஒரு குழி நகரும்போதெல்லாம் ஒரு துடிப்பு வரும், வரிசை முழுவதும் ஒரு கட்டம் நகரும். ஐந்தாவது துடிப்பில் வால்வுக்கு வந்து சேர்வது 0 என்றால், வால்வு திறக்காது. ஆலையில் இதற்கு ‘நோ பாட்டில் நோ ஃபில்’ என்று பெயர். இது இல்லாவிட்டால் சர்க்கரைப்பாகு ராட்டினம் முழுக்க வழிந்து, மறுநாள் எதைத் தொட்டாலும் ஒட்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் கணினியே கிடையாது. பாட்டிலின் வாயே மேலே எழும்பி வால்வைத் தள்ளித் திறக்கும்.

இந்தக் கணக்கில் கடிகாரத்துக்கு வேலையில்லை. ராட்டினம் ஓடினாலும் ஊர்ந்தாலும் ஐந்து துடிப்பு ஐந்து துடிப்புதான்.

எங்கள் கோளாறு, பாட்டில் ராட்டினத்தை விட்டு இறங்கிய பிறகு நடந்தது. கன்வேயரில் கேமராவுக்கும் தள்ளுகருவிக்கும் 600 மி.மீ. தூரம். பாட்டில்கள் 100 மி.மீ. இடைவெளியில் வரும். வேகம் விநாடிக்கு 333 மி.மீ. அதனால் குறைந்த பாட்டிலைக் கண்டதும் 1.8 விநாடி கழித்துத் தள்ளு என்று எப்போதோ யாரோ எழுதி வைத்திருந்தார்கள். முழு வேகத்தில் ஓடும்வரை அது பிசகவில்லை. அன்றிரவு பெட்டியில் அடுக்கும் இயந்திரம் அடிக்கடி சிக்கியதால் லைன் பாதி வேகத்துக்கு இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பாதி வேகத்தில் 1.8 விநாடிக்குள் குறைந்த பாட்டில் 300 மி.மீ.தான் வந்திருக்கும். தள்ளுகருவி முன் நின்றதோ அதற்கு மூன்று பாட்டில் முன்னே போன நல்ல பாட்டில். அடி அதற்கு விழுந்தது.

டைமரை எடுத்துவிட்டு, கன்வேயர் தண்டில் என்கோடரை மாட்டினோம். மில்லிமீட்டருக்கு ஒரு துடிப்பு, 600 எண்ணியதும் தள்ளு. அதிலும் ஒரு நெருடல் இருந்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் தள்ளுகருவி நீண்டு பாட்டிலைத் தொடவே 60 மில்லிவிநாடி ஆகிறது. அது எந்த வேகத்திலும் மாறாது. அதற்குள் முழு வேகத்தில் பாட்டில் 20 மி.மீ. நகர்ந்துவிடும், பாதி வேகத்தில் 10. ஆகவே கட்டளை ஒன்றில் 580-லும் மற்றொன்றில் 590-லும் போக வேண்டும். இந்தக் கழித்தலை விட்டுவிட்டால், பாட்டில் நடுவில் அடிபடாமல் ஓரத்தில் அடிபட்டுச் சுழன்று விழும்.

தள்ளச் சொன்னதும் தள்ளியதும் ஒன்றல்ல என்பதையும் அந்த இரவுதான் எங்களுக்குப் புரியவைத்தது. ரிஜெக்ட் தொட்டியின் வாயில் இன்னொரு சென்சார் வைத்தோம். கட்டளை போய் பாட்டில் தொட்டிக்கு வந்து சேரவில்லையென்றால் லைன் நிற்கும். காற்றழுத்தம் குறைந்தாலும் நிற்கும், தொட்டி நிரம்பினாலும் நிற்கும். உற்பத்திக்காரர்கள் இதற்காக எங்களைத் திட்டினார்கள். திட்டட்டும்.

அதற்குப் பிறகு தள்ளப்பட்ட பாட்டில்களைக் கொஞ்சம் நம்ப முடிந்தது. ஒரு வாரம் அவற்றை எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை சரியாக 24 பாட்டிலுக்கு ஒருமுறை வருவது தெரிந்தது. பின்னோக்கி எண்ணினால் எல்லாம் 17-ஆம் வால்வுக்குப் போய் நின்றன. கழற்றினால், பாட்டிலிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் மாம்பழ நார் அடைத்திருந்தது. உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல், ஜூஸும் முழுதாக இறங்கவில்லை.

இப்போது ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும், சிவப்பு டேப் சுற்றிய குறைந்த பாட்டிலை ஆபரேட்டர் லைனில் விடுகிறார். முழு வேகத்தில் ஒருமுறை, பாதி வேகத்தில் ஒருமுறை, நடுவழியில் லைனை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு ஒருமுறை. மூன்று தடவையும் அதே பாட்டில் தொட்டியில் விழுந்தால்தான் ஜூஸைத் திறந்துவிடுகிறார்.