கூம்பின் தோலை அளக்கும்போது

கடலை மடித்துத் தரும் காகிதக் கூம்பை எண்ணிக்கொள்ளுங்கள். வாயின் ஆரம் 3 செ.மீ., உயரம் 4, சாய்வு நீளம் 5. y = 3x/4 என்ற கோட்டை x-அச்சைச் சுற்றிச் சுழற்றினால் இந்தக் கூம்பு கிடைக்கும்.

கன அளவுக்குக் கூம்பை மெல்லிய வட்டத் தட்டுகளாக நறுக்குகிறோம். ஒவ்வொரு தட்டின் பரப்பு πy², தடிமன் dx. 0 முதல் 4 வரை கூட்டினால் 12π கன செ.மீ. இது சரியான விடை.

அதே தட்டுகளின் விளிம்பைக் கூட்டினால் காகிதத்தின் பரப்பு கிடைத்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2πy dx-ஐக் கூட்டிப் பாருங்கள்: 12π வரும். இப்போது காகிதத்தை வெட்டி விரியுங்கள். ஆரம் 5, வில் 6π கொண்ட வட்டத்துண்டு; பரப்பு ½ × 5 × 6π = 15π. 3π எங்கே போனது?

தட்டின் விளிம்பு நேராக நிற்கிறது, காகிதமோ சாய்ந்திருக்கிறது. dx 4 நகரும்போது காகிதம் 5 நகர்கிறது. எவ்வளவு மெல்லியதாக நறுக்கினாலும் இந்த 5/4 விகிதம் குறையாது. கன அளவில் விடுபடுவது ஓரத்து மெல்லிய வளையம் மட்டுமே. நறுக்க நறுக்க அது கரைந்துவிடும். அதனால்தான் பரப்புக்கு மட்டும் dx-க்குப் பதில் சாய்வு நீளத்தை வைக்கிறோம்:

S = ∫ 2πy √(1 + (dy/dx)²) dx

இங்கே dy/dx = 3/4; வர்க்கமூலம் 5/4. 12π × 5/4 = 15π.