அம்மாவுக்கு டேட்டா, பாட்டிக்கு நிமிடம்

என் அக்கா மகள் முதுகலை படிக்க இங்கிலாந்து போய் இறங்கிய ஐந்தாம் நாள், உசிலம்பட்டியில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டாள். பாட்டியிடம் இருப்பது பட்டன் போன். "சாப்பிட்டியா, குளிருதா" என்று பேச்சு சூடுபிடித்த நேரத்தில் அழைப்பு பட்டென்று அறுந்தது. சிம் அட்டையில் போட்டிருந்த 5 பவுண்டு இருப்பு காலி. ஆனால் அவள் வாங்கிய திட்டத்தின் அட்டையில் 'அன்லிமிடெட் மினிட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அவளை யாரும் ஏமாற்றவில்லை. அந்த 'அன்லிமிடெட்' பிரிட்டனுக்குள் பேசுவதற்கு மட்டும்தான். இந்தியாவுக்குப் பேசினால் தனிக் கணக்கு. அது இருப்புத் தொகையிலிருந்து நிமிடத்துக்கு இவ்வளவு என்று கழியும். புதிதாகப் போகிற மாணவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பிரிட்டனில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு மாதாந்தர ஒப்பந்த இணைப்பு எளிதில் கிடைக்காது. அதற்கு அந்த நாட்டு வங்கிக் கணக்கும், கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான பழைய பதிவும் கேட்பார்கள். பிரீபெய்டு சிம்முக்கு அடையாளச் சான்றுகூட வேண்டாம். கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அங்கே அதற்குப் பெயர் 'பே அஸ் யூ கோ'. எந்தத் திட்டம் என்பதில்தான் குழப்பமே.

'வீட்டுக்குப் பேச வேண்டும்' என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு வேலை. அம்மாவிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. அவரோடு பேச டேட்டா வேண்டும். பாட்டியிடம் பட்டன் போன். அவரோடு பேச இந்திய நிமிடங்கள் வேண்டும். இரண்டையும் தனித்தனியே கணக்குப் போட்டால் திட்டம் தானே தெரிந்துவிடும்.

முதலில் அம்மா கணக்கு. வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு நிமிடத்துக்குச் சுமார் அரை எம்.பி. எடுக்கும். வீடியோ என்றால் தோராயமாக 5, 6 எம்.பி. ஆகும், போனையும் இணைப்பின் வேகத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும். உங்கள் போனின் உண்மைக் கணக்கு வேண்டுமானால், வாட்ஸ்அப் Settings உள்ளே Storage and data, அதற்குள் Network usage என்று போய்ப் பாருங்கள். ஒரு அழைப்புக்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

எத்தனை மணிக்குப் பேசுவோம் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் நாலரை மணி. அங்கே மாலை வகுப்பு முடிந்து 6 மணிக்கு அறைக்கு வந்தால், குளிர்காலத்தில் இங்கே இரவு பதினொன்றரை. அம்மா தூங்கியிருப்பார். ஆகவே வாரநாள் பேச்சு பெரும்பாலும் அங்கே மதிய இடைவேளையில், இங்கே இரவுச் சமையல் நேரத்தில்தான் நடக்கும். அந்த நேரத்தில் மாணவர் இருப்பது கல்லூரி வளாகத்தில். அங்கே eduroam என்ற பல்கலைக்கழக வைஃபை இலவசம். சிம் டேட்டா ஒரு துளிகூடக் குறையாது.

அக்கா மகளின் மாதக் கணக்கு இது. வளாகத்தில் பேசும் வீடியோ பேச்சுக்குச் செலவு பூஜ்யம். பஸ்ஸில் 15 நிமிடக் குரல் அழைப்பு, மாதம் 20 நாள்: 150 எம்.பி. ஞாயிறுதோறும் ஊர் சுற்றும்போது அரை மணி வீடியோ: சுமார் 700 எம்.பி. மொத்தத்தில் அம்மாவுக்கு ஒரு ஜி.பி.கூட ஆகவில்லை. டேட்டாவைத் தின்றதெல்லாம் பஸ்ஸில் பார்த்த ரீல்ஸ்தான். அவளுக்கு 10 ஜி.பி. தாராளம். 'வீட்டுக்கு நிறையப் பேசுவேன்' என்று நினைத்து 100 ஜி.பி. வாங்கியது தேவையே இல்லாத செலவு.

அடுத்து பாட்டி கணக்கு. வாரம் மூன்று முறை பத்து பத்து நிமிடம் என்றால் மாதம் 130 நிமிடம். வெளிநாட்டுப் பேச்சு நேரம் சேர்த்துத் தரும் திட்டங்கள் அங்கே உண்டு. லெபாரா, லைக்காமொபைல் இரண்டும் வளர்ந்ததே ஊருக்குப் பேசத் தவிக்கும் புலம்பெயர்ந்தோரை நம்பித்தான். இரண்டையும் தொடங்கியவர்கள் ஈழத் தமிழர்கள். இப்படிப்பட்ட திட்டத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். இந்தியா பட்டியலில் இருக்கிறதா? மொபைல் எண்ணுக்கும் பொருந்துமா, லேண்ட்லைனுக்கு மட்டுமா? நிமிடங்கள் தீர்ந்தபின் என்ன விலை?

அவள் தேர்ந்தெடுத்ததில் 100 நிமிடம் இருந்தது. அதாவது 30 நிமிடம் இடித்தது. பெரிய திட்டத்துக்கு மாறாமல், ஞாயிற்றுக்கிழமை மாமா பாட்டி வீட்டுக்குப் போகும்போது அவர் போனில் வாட்ஸ்அப் வழியாகப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. மீதி வாரம் இரண்டு அழைப்பு. மாதம் 87 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பாட்டிக்கு முகத்தையும் பார்த்ததாயிற்று.

விலையைப் பார்க்கும்போது நாள் கணக்கைக் கவனியுங்கள். '28 நாள்' திட்டம் வருடத்துக்கு 13 முறை வரும். 10 பவுண்டு என்றால் 130 பவுண்டு. மாதத் திட்டமாக இருந்தால் 120தான். முதல் சில மாதம் பாதி விலை என்றால், அதன்பின் வரும் முழு விலைதான் உண்மையான விலை.

டவர் கிடைப்பதும் முக்கியம். மலிவு நிறுவனங்கள் பலவற்றுக்குச் சொந்த டவர் கிடையாது. லெபாரா ஓடுவது வோடஃபோன் டவரில், கிஃப்காஃப் ஓடுவது ஓ2 டவரில். தங்கப்போகும் இடத்தின் அஞ்சல் குறியீட்டை, அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான ஆஃப்காமின் தளத்தில் போட்டால் எந்த டவர் அங்கே நன்றாக எடுக்கிறது என்று தெரியும். இங்கிருந்து கொண்டுபோகும் போனில் இன்னொரு சிக்கலும் வரலாம். அங்கே 3ஜியை மூடிவிட்டதால், 4ஜி வழியாகவே குரல் போகும் வசதி உங்கள் மாடலுக்கு அந்த நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். பேசும்போது திரையில் 4G மறைந்து E என்று வந்தாலோ, பேசி முடிக்கும்வரை நெட் நின்றாலோ, அந்த வசதி கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. அதில்தான் வரும். கிளம்பும் முன்பே சர்வதேச ரோமிங்கைப் போட்டு, இரண்டாவது சிம்மாக வைத்துக்கொள்ளலாம். அதில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட வேண்டும். வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும். இங்கே வீட்டார் அந்த எண்ணுக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்ய வேண்டும். விட்டால் முதலில் வெளியழைப்பும், பிறகு உள்ளழைப்பும் நின்று, கடைசியில் எண்ணே வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பைப் பழைய எண்ணிலேயே வைத்திருக்கலாம்; அம்மா புது எண்ணைச் சேமிக்கவே வேண்டாம்.

முதல் மாதமே சரியான திட்டம் அமைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. சின்னத் திட்டமாக எடுத்து, மாதக் கடைசியில் எத்தனை ஜி.பி., எத்தனை நிமிடம் போயிருக்கிறது என்று பாருங்கள். வேறு நிறுவனம் தோதாகத் தெரிந்தால் 65075 என்ற எண்ணுக்கு PAC என்று குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை 30 நாளுக்குள் புது நிறுவனத்திடம் கொடுத்தால் அதே எண்ணோடு மாறிக்கொள்ளலாம். அக்கா மகள் இரண்டாம் மாதமே அப்படித்தான் மாறினாள். இப்போதெல்லாம் "காசு ஆகுதேம்மா, வச்சிரட்டுமா?" என்று கேட்பது பாட்டிதான். "இன்னும் அறுபது நிமிஷம் இருக்கு, பேசு பாட்டி" என்கிறாள் அவள்.